காரைக்குடியிலிருந்து பலகாரப் பெட்டி அனுப்புகிறோம். கிட்டிங், லேபிளுக்குக் கிடங்கில் தனிக் கட்டணம் கேட்கிறார்களே, ஏன்?

தனித்தனிப் பொருள்களை ஒரே விற்பனைப் பெட்டியாகச் சேர்ப்பதுதான் கிட்டிங். கல்யாணத்தில் தாம்பூலப் பை போடுவது போல. கிடங்கு வாடகை என்பது இடத்துக்கு, இந்தக் கட்டணம் கைவேலை நேரத்துக்கு.

தட்டை அட்டையை மடித்துப் பெட்டியாக்கி (இதுவே சிறு அசெம்பிளி), முறுக்கு, சீடை, மாவுருண்டை வைத்து, லேபிள் ஒட்ட 90 வினாடி என்றால் மணிக்கு 40 பெட்டி. இடைவேளையும் சரிபார்ப்பும் போக 32 என்றே வைக்க வேண்டும். ஆளுக்கு மணிச்செலவு 120 ரூபாய் எனக் கொண்டால் பெட்டிக்கு 3.75 ரூபாய், மேற்பார்வை, மேசை இடம், லாபம் சேர்த்து 5 ரூபாய் கேட்பார்கள். அட்டை, லேபிள் விலை தனி.

பொருள்களை எண்ணியே மேசைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். கடைசியில் ஒரு சீடைப் பொட்டலம் மிஞ்சினால், ஏதோ ஒரு பெட்டியில் அது இல்லை. எடைபோட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பலகாரத்தின் விலை ஏறினால் கூலியும் ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு பெட்டிக்கு எத்தனை முறை கை போகிறது என்பதை வைத்தே கூலி ஏறும்.