சராசரிக் கணக்கில் எதனால் வகுப்பது: திட்டவிலக்கமா, திட்டப்பிழையா?

கேள்வி: சேலம் மாம்பழ எடையின் சராசரி 250 கிராம், திட்டவிலக்கம் 40 கிராம் என்று கணக்கில் இருக்கிறது. 16 பழங்களின் சராசரி 260-ஐத் தாண்டும் நிகழ்தகவு கேட்டார்கள். 40-ஆல் வகுத்தேன், விடை தப்பாம். ஏன்?

பதில்: 40 கிராம் என்பது தனிப் பழங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதன் அளவு, கணக்கோ 16 பழங்களின் சராசரியைப் பற்றியது. கூடையில் கனத்த பழமும் இளைத்த பழமும் கலந்து ஒன்றையொன்று ஈடுகட்டுவதால், கூடைக்குக் கூடை சராசரி அவ்வளவாக மாறுவதில்லை. அந்தச் சிறிய மாற்றத்தின் அளவே திட்டப்பிழை: 40/√16 = 10 கிராம். எனவே z = (260 − 250)/10 = 1; நிகழ்தகவு ஏறத்தாழ 0.16. நீங்கள் 40-ஆல் வகுத்ததால் z = 0.25 ஆகி, 0.40 வந்திருக்கும். அது தவறான எண் அன்று. ஒரே ஒரு பழம் 260 கிராமைத் தாண்டும் நிகழ்தகவு அது (எடைகள் இயல்நிலைப் பரவலில் இருந்தால்).

குழப்பம் வந்தால், பழங்களின் எண்ணிக்கையை 64 ஆக்கிப் பாருங்கள்: திட்டப்பிழை 5 கிராமாகப் பாதியாகும், ஆனால் பழங்களின் திட்டவிலக்கம் 40 ஆகவே நிற்கும். பாடநூல்கள் போதிய அளவு வலியுறுத்தாத ஒரு நிபந்தனையும் உண்டு: பழங்கள் ஒன்றையொன்று சாராமல் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். பதினாறும் ஒரே மரத்துப் பழங்களாயின் அவை ஒன்றுபோலக் கனத்தோ இளைத்தோ இருக்கக்கூடும். அப்போது உண்மையான திட்டப்பிழை 10 கிராமைவிடப் பெரிது.