ஒரே தரவுக்கு மூன்று ஏஆர் கெழுக்கள் ஏன் வருகின்றன?

கேள்வி: என்னிடம் 60 மாத அளவீடுகள் இருக்கின்றன. முதல் வரிசை ஏஆர் மாடல், அதாவது ஒவ்வொரு மாத மதிப்பையும் முந்தைய மாத மதிப்பின் ஒரு பங்காகக் கணிக்கும் மாடல், பொருத்துகிறேன். அந்தப் பங்குதான் கெழு. ஆர் மொழியில் `ar` போட்டால் கெழு 0.83, `ar.ols` போட்டால் 0.91, `arima` போட்டால் 0.88. தரவு ஒன்றுதான், மாடலும் ஒன்றுதான். எது சரி? அறிக்கையில் எதை எழுதுவது?

பதில்: மூன்றும் சரியாகக் கணக்கிடப்பட்டவைதான். தொடரின் நடுப்பகுதியை மூன்று முறைகளும் ஒரே மாதிரிதான் கையாளுகின்றன. முதல் மதிப்பையும் கடைசி மதிப்பையும் என்ன செய்வது என்பதில்தான் பிரிகின்றன. 60 எண்களில் இது கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஆறு எண்களை எடுத்துக்கொள்வோம்: 3, 2, 1, −1, −2, −3. சராசரி பூஜ்யம், ஆகவே கழிக்க எதுவும் இல்லை.

அடுத்தடுத்த எண்களைப் பெருக்கிக் கூட்டினால் 6 + 2 − 1 + 2 + 6 = 15. ஆறு எண்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 28. தன்னொட்டுறவுச் சமன்பாடு, அதாவது யூல்-வாக்கர் முறை, முதல் வரிசை மாடலுக்கு இவ்விரண்டின் விகிதத்தையே கெழுவாகத் தருகிறது: 15/28 = 0.536. `ar` கட்டளை நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் செய்வது இதைத்தான்.

`ar.ols` பயன்படுத்தும் மீச்சிறு வர்க்க முறையில் ஒவ்வொரு மதிப்பையும் அதற்கு முந்தைய மதிப்பை வைத்துக் கணிக்கிறோம். மேலே அதே 15 வருகிறது. ஆனால் கடைசி எண்ணான −3 எதையும் கணிக்கப் பயன்படுவதில்லை, அதற்குப் பிறகு எண்ணே இல்லையே. எனவே கீழே 28 − 9 = 19 மட்டும். கெழு 15/19 = 0.789.

0.536 எங்கே, 0.789 எங்கே! இந்த இடைவெளியை உண்டாக்கியது ஒரே ஒரு எண். யூல்-வாக்கர் முறையை இப்படியும் பார்க்கலாம்: தொடரின் இரு முனைகளிலும் பூஜ்யங்களை ஒட்டி, 0, 3, 2, 1, −1, −2, −3, 0 என்று ஆக்கிவிட்டு மீச்சிறு வர்க்கம் போட்டால் சரியாக 15/28 கிடைக்கும். அதாவது −3-க்கு அடுத்து 0 வந்ததாக ஒரு பொய்யான கவனிப்பு உள்ளே நுழைகிறது. −3-லிருந்து ஒரே தாவலில் சராசரிக்குத் திரும்பும் தொடருக்குப் பழைய நினைவு குறைவு என்றுதானே கணக்கு முடிவு செய்யும்? கெழு சுருங்குவது அதனால்தான். உங்கள் 0.83-க்கும் பெரும்பாலும் இதுவே காரணம். கடைசி மாத மதிப்பு சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கம் தள்ளி இருந்தால், வர்க்கக் கூட்டுத்தொகையில் அதன் பங்கு 4/60, கிட்டத்தட்ட 7 சதவீதம். 0.9-ல் 7 சதவீதம் குறைந்தால் 0.84. உங்கள் தரவின் கடைசி எண்ணை ஒருமுறை பாருங்கள்.

அந்தப் பூஜ்யங்களால் ஒரு நன்மையும் உண்டு. யூல்-வாக்கர் கெழுக்கள் எப்போதும் நிலையான மாடலையே தரும், கணிப்பு வெடித்துப் பறக்காது. மீச்சிறு வர்க்கத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது, ஒன்றைத் தாண்டிய கெழுவையும் அது தரலாம். பைத்தானின் statsmodels நூலகத்தில் உள்ள `yule_walker` இயல்பாக `adjusted` முறையில் போவதால், 15-ஐ 5-ஆலும் 28-ஐ 6-ஆலும் வகுத்து 0.643 தரும். சுருக்கம் கொஞ்சம் குறைகிறது, ஆனால் உத்தரவாதமும் போய்விடுகிறது. ஆர் மொழியின் விடையோடு ஒப்பிடுபவர்கள் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். `method="mle"` என்று கொடுத்தால் 0.536 வந்துவிடும். பெயர் எப்படி இருந்தாலும் அதுவும் யூல்-வாக்கர்தான், கீழே வரும் லைக்லிஹுட் கணக்கு அல்ல.

இனி முழு லைக்லிஹுட், அதாவது கையிலுள்ள தரவு வரும் வாய்ப்பை மிக அதிகமாக்கும் கெழுவைத் தேடும் முறை. `arima` தருவது இந்த விடையைத்தான். மீச்சிறு வர்க்கத்தில் முதல் எண்ணான 3 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை, அது கொடுக்கப்பட்ட ஒன்று. முழு லைக்லிஹுட் அதைக் கேட்கிறது. தொடர் நெடுங்காலமாக இதே விதியில் ஓடிக்கொண்டிருந்தால், முதல் மதிப்பின் மாறுபாடு σ²/(1−φ²) ஆக இருக்க வேண்டும். இங்கே φ என்பது கெழு, σ² என்பது கணிப்புப் பிழையின் மாறுபாடு. இதையும் சேர்த்து எழுதி σ²-ஐ நீக்கினால், நம் ஆறு எண்களுக்குச் சிறுமமாக்க வேண்டியது இது:

```
6·log(28 − 30φ + 10φ²) − log(1 − φ²)
```

முதல் பகுதி மட்டும் இருந்தால் φ = 1.5 என்று ஓடிவிடும். இரண்டாம் பகுதி 1-ஐ நெருங்க நெருங்க எல்லையில்லாமல் உயர்ந்து அதைத் தடுக்கிறது. வகையிடலை 0.88-ல் போட்டால் −0.16, 0.885-ல் +0.21. விடை சுமார் 0.882.

இது மீச்சிறு வர்க்கத்தின் 0.789-ஐ விட அதிகமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 0.789-ல் தொடரின் திட்ட விலக்கம் சுமார் 1.95, அப்போது முதல் மதிப்பான 3 கொஞ்சம் தூரத்தில் நிற்கிறது. 0.882-ல் அது 2.65 ஆகிறது, 3 சாதாரண மதிப்பாகிவிடுகிறது. முதல் எண்ணும் தன் சாட்சியைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

நீங்களே ஓட்டிப் பாருங்கள்:

```r
x <- c(3, 2, 1, -1, -2, -3)
ar(x, aic = FALSE, order.max = 1)$ar
ar.ols(x, aic = FALSE, order.max = 1)$ar
arima(x, order = c(1,0,0), method = "ML")$coef
```

இரண்டாவது கட்டளை 0.789 தராது, 0.977 தரும். சராசரியைக் கழித்த பிறகும் அது வெட்டுத்துண்டு ஒன்றை, அதாவது சமன்பாட்டில் கூட்டப்படும் மாறிலி ஒன்றைத் தனியாகப் பொருத்துகிறது. `intercept = FALSE` சேர்த்தால் 0.789 வரும். உங்கள் 0.91-லும் இதன் பங்கு இருக்கக்கூடும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கெழு 0.88, தரவு 60 என்றால் திட்டப் பிழை √((1−0.88²)/60), சுமார் 0.06. உங்கள் மூன்று விடைகளுக்கும் இடையே உள்ள முழு அகலமே 0.08. தவிர, சராசரியையும் தரவிலிருந்தே மதிப்பிடும்போது மீச்சிறு வர்க்கக் கெழு ஏறத்தாழ (1+3φ)/n அளவுக்குக் கீழே சாய்கிறது. அதுவும் உங்களுக்கு 0.06. முறையை மாற்றுவதால் இந்தச் சாய்வு மறையாது, அதனால் கெழுவோடு திட்டப் பிழையையும் கட்டாயம் எழுதுங்கள்.

அறிக்கையில் நான் 0.88-ஐத்தான் எழுதுவேன். 60 எண்களும், கெழு 1-க்கு அருகிலும் இருக்கும்போது எந்த எண்ணையும் வீணாக்காத முறை அதுதான். 600 எண்களும் கெழு 0.4-ம் என்றால் எதைப் போட்டாலும் நடைமுறையில் ஒன்றே. இதில் ஒரு நிபந்தனை மட்டும்: உங்கள் முதல் மாதம், ஓடிக்கொண்டிருந்த ஒன்றின் நடுவில் எடுத்ததாக இருக்க வேண்டும். கருவியைப் புதிதாக இயக்கிய மாதமோ, பெரிய இடையூறு ஒன்றுக்கு அடுத்த மாதமோ என்றால், முதல் மதிப்பைப் பற்றிய லைக்லிஹுட்டின் அனுமானம் பொய்யாகிவிடும். அப்போது முதல் எண்ணைக் கொடுக்கப்பட்டதாகவே வைக்கும் மீச்சிறு வர்க்கம்தான் நேர்மையானது, 0.91-ஐ எழுதுங்கள்.

`arima` ஓட்டும்போது `non-stationary AR part from CSS` என்று பிழை வந்தால், தொடக்க மதிப்பைத் தேடிய மீச்சிறு வர்க்கக் கட்டம் நிலையற்ற கெழுவுக்குப் போய்விட்டது என்று பொருள். `method = "ML"` கொடுத்தால் பெரும்பாலும் ஓடிவிடும். அப்படி ஓடி 0.99 போன்ற விடை தந்தால், கெழுவை ஏற்பதற்கு முன் தொடரை வரைந்து பாருங்கள். அதில் ஏறுமுகமோ இறங்குமுகமோ இருந்தால் அதை முதலில் நீக்க வேண்டும்.