ட்விஸ்ட் இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னேன்

வணக்கம். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். கூட வரும் தோழி ஒரு கிரைம் வெப் சீரிஸ் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எட்டு எபிசோடில் மூன்றுதான் முடித்திருக்கிறாள். நான் முழுவதும் பார்த்துவிட்டேன். “கடைசியில பெரிய ட்விஸ்ட் இருக்கு, அசந்துடுவே” என்றேன். கதையில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதற்கே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் தம்பியோ, “கூத்துல துரியோதனன் சாவான்னு ஊருக்கே தெரியும், அதுக்காக யாராவது பார்க்காம இருக்காங்களா?” என்கிறான். நான் சொன்னதில் என்ன தப்பு? இனி அவளிடம் இதைப் பற்றி எப்படிப் பேசுவது?

சு., மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள சு.,

உங்கள் தோழியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஏன் என்று சொல்ல ஒரு கதை வேண்டும். நீங்கள் பார்த்த சீரிஸின் பெயரை நீங்கள் எழுதாதது நல்லதாகப் போயிற்று. நானே ஒன்றைக் கட்டிக்கொள்கிறேன்.

கடலோரக் கிராமம். விசைப்படகு முதலாளி ஒருவர் கொலையாகிறார். மூன்றாவது எபிசோடின் முடிவில் அவருடைய மைத்துனரைப் போலீஸ் பிடிக்கிறது. கடன் பத்திரம், ரத்தக்கறை பட்ட சட்டை, எல்லாம் அவருக்கு எதிராக இருக்கின்றன. ஊர் மதிக்கும் தலைமை ஆசிரியர் ஒருவர் விசாரணைக்கு உதவிக்கொண்டு நடுநடுவே வந்துபோகிறார். கொன்றவர் அவர்தான். அது ஏழாவது எபிசோடில்தான் தெரியும்.

ஒன்றும் தெரியாமல் பார்ப்பவர் மூன்றாவது எபிசோடில் என்ன செய்வார்? மைத்துனரைச் சந்தேகிப்பார், பாவம் என்றும் நினைப்பார். தலைமை ஆசிரியர் டீக்கடையில் உட்கார்ந்து இன்ஸ்பெக்டரிடம் பேசும்போது இவருடைய கண் இன்ஸ்பெக்டர் மேல் இருக்கும். எழுதியவருக்கு வேண்டியது அதுதான். பார்ப்பவர் அந்த ஆசிரியரைக் கவனிக்காமலே நம்பவேண்டும். அந்த நம்பிக்கையை வளர்க்கத்தான் அத்தனை எபிசோடுகள். ஏழாவதில் உடைவதும் அந்த நம்பிக்கைதான்.

இப்போது “கடைசியில் ட்விஸ்ட் இருக்கு” என்று காதில் விழுந்துவிட்டது. அடுத்த நிமிடமே மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். பிடிபட்டவர் குற்றவாளி இல்லை. அப்படியானால் யார்? யார் மேல் சந்தேகமே வரவில்லையோ அவர். நல்லவராக வந்து, வேலையில்லாமல் சுற்றும் பெரிய நடிகர் யார்? தலைமை ஆசிரியர்! நான்காவது எபிசோடிலிருந்து அவர் டீ கிளாஸை வைக்கும் விதத்தைக்கூடச் சந்தேகத்தோடு பார்ப்பார். ஏழாவதில் உண்மை வெளிவரும்போது “நினைச்சேன்” என்பதோடு முடிந்துவிடும். நீங்கள் பெயரைச் சொல்லவே இல்லை, ஆனாலும் அவர் கண்டுபிடித்துவிட்டார்.

ரசிகர்கள் காப்பாற்ற நினைப்பது இந்த ஏமாறும் சந்தர்ப்பத்தை. ஒரு கதையில் அது ஒரு தடவைதான் கிடைக்கும். தெரிந்தபின் திரும்பப் பார்ப்பதிலும் தனி ருசி உண்டு, முன்னே தவறவிட்ட சாடைகளையெல்லாம் பொறுக்கலாம். ஆனால் அது இரண்டாவது முறைக்கு உரியது. 1960இல் ‘சைக்கோ’ வெளியானபோது, படம் தொடங்கியபின் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று அதன் இயக்குநர் ஹிட்ச்காக் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு நிபந்தனை போட்டார். நடுவில் வந்து உட்காரும் பழக்கம் அங்கே சாதாரணமாக இருந்த காலம் அது. ஏன் போட்டார் என்பதை, பார்க்காதவர்களுக்காக இங்கே எழுதாமல் விடுகிறேன்.

தம்பி சொல்லும் கூத்து நல்ல கேள்வி. நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் படுகளத்துக்குத் துரியோதனனை மண்ணில் பெரிய உருவமாகப் படுக்க வைக்கிறார்கள். அவன் சாவான் என்று தெரிந்துதான் ஊர் திரள்கிறது. அங்கே யாரும் எதையும் ஒளித்து வைக்கவில்லை. திரௌபதி கூந்தலை முடிக்கும் அந்த நேரத்துக்காக இரவிரவாகக் காத்திருக்கிறோம், தெரிந்திருப்பதால்தான் அந்தக் காத்திருப்புக்கே பலம். கொலையாளியை ஒளித்துவைத்து எழுதிய கதை வேறு ஜாதி. அது பார்ப்பவரின் தவறான நம்பிக்கையின் மேல் நிற்கிறது. முதல் எபிசோடிலேயே கொலைகாரனைக் காட்டிவிட்டு, எப்படி மாட்டுவான் என்று கொண்டுபோகும் சீரிஸ்களும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நீங்கள் தாராளமாகப் பேசலாம், தம்பியின் வாதம் அங்கே செல்லும்.

முடிவு தெரிந்தால் ரசனை கூடுகிறது என்று சொன்ன ஓர் ஆய்வும் உண்டு. 2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் செய்தார்கள். கொடுத்தது சிறுகதைகள். நாள்கணக்கில் ஒரு கதையோடு வாழ்ந்து, பஸ்ஸில் அதையே பேசிக்கொண்டு வருபவருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. பின்னால் வந்த வேறு ஆய்வுகள் எதிராகவும் சொல்லியிருக்கின்றன.

சரி, எப்படிப் பேசுவது? முதலில் எங்கே நிறுத்தியிருக்கிறார் என்று கேளுங்கள். எபிசோடு எண் மட்டும் போதாது, கடைசியாகப் பார்த்த காட்சி எது என்று கேட்கவேண்டும். பலர் பாதியில் தூங்கிவிடுவார்கள். “மைத்துனரை ஜீப்பில ஏத்துறாங்களே, அதோட நிறுத்திட்டேன்” என்றால் உங்கள் எல்லை அந்த ஜீப். அதற்கு முன்னால் உள்ளதில் ஆயிரம் விஷயம் இருக்கிறது. அந்தக் கடன் பத்திரம் கிடைத்த விதத்தை நம்பினாயா, முதலாளியின் மனைவி ஏன் அழவில்லை என்று நினைக்கிறாய், இப்படிக் கேட்டுவிட்டு அவரைப் பேச விடுங்கள். கன்னியக்கோயில் தாண்டும்போது ஆரம்பித்தால் அரியாங்குப்பம் வரை ஓடும்.

சிக்கல் அவர் ஊகம் சொல்லும்போதுதான் வரும். “எனக்கு அந்த வாத்தியார் மேலதான் டவுட்” என்பார். நீங்கள் சிரித்தாலும் போச்சு, “சேச்சே” என்றாலும் போச்சு. திடீரென்று ஜன்னல் பக்கம் திரும்பினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் ஊகம் வருவதற்கு முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்: “நீ யாரைச் சொன்னாலும் நான் ஆமாவும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன், ஏன்னு மட்டும் கேட்பேன்.” அப்புறம் சரியான ஊகத்துக்கும் தப்பான ஊகத்துக்கும் ஒரே மாதிரி “ஏன் அப்படித் தோணுது?” என்று கேளுங்கள். சரியானதற்கு மட்டும் மௌனம், தப்பானதற்கு மட்டும் ஆர்வம் என்று இருந்தால் இரண்டே நாளில் உங்களைப் படித்துவிடுவார்.

நாம் கவனிக்காமல் கசியவிடுவதும் நிறைய. “ஆறாவது எபிசோடுல அந்தப் பொண்ணு நடிப்பைப் பாரு” என்றால், அதுவரை அவள் சாகமாட்டாள் என்று சொல்லியாயிற்று. “இன்னும் ரெண்டு எபிசோடு பொறு” என்றால் எங்கே திரும்பும் என்று காட்டிவிட்டோம். மூன்று எபிசோடு வரை வாத்தியாரை ‘அவர்’ என்று பேசிவந்த நீங்கள், முழுதும் பார்த்தபின் கோபத்தில் ‘அவன்’ என்றால் அதுவே போதும்.

இப்போதைக்கு, ஒரு தடவை மன்னிப்புக் கேளுங்கள். “அது ஒண்ணும் பெரிய ட்விஸ்ட் இல்ல” என்று சமாளிக்கப் போகாதீர்கள், அதுவும் இன்னொரு தகவல்தான். அவர் எட்டாவதை முடித்த மறுநாள், உங்கள் கருத்தை அடக்கிக்கொண்டு, எந்தக் காட்சி வரை யாரை நம்பினாய் என்று முதலில் அவரைக் கேளுங்கள்.

எல்லாருமே மறைக்கச் சொல்ல மாட்டார்கள். அண்மையில் வீட்டில் ஒரு சாவு நடந்தவர், “இதுல குழந்தைக்கு ஏதாவது ஆகுதா? அதை மட்டும் சொல்லு” என்று கேட்கலாம். அவருக்கு உண்மையைச் சொல்லுங்கள், கேட்ட அந்த ஒன்றை மட்டும். யாரால், எப்போது என்பதெல்லாம் அவர் மேற்கொண்டு கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.