கடை விளம்பர வீடியோவில் எல்லாக் கீஃப்ரேமுக்கும் Easy Ease கொடுத்துவிட்டேன். ஆனாலும் அசைவு ஏன் உயிரில்லாமல் மிதப்பது போல இருக்கிறது?

நீங்கள் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து F9 அழுத்தியிருப்பீர்கள். ஆற்காட்டில் ஒரு இனிப்புக் கடைக்கு நான் செய்த மக்கன் பேடா விளம்பரத்தை வைத்தே விடை சொல்கிறேன்.

மேலிருந்து பேடா தட்டில் விழ வேண்டும். 500 பிக்சல் தூரம், 10 ஃபிரேம், விநாடிக்கு 25 ஃபிரேம். F9 கொடுத்தால் இரு முனையிலும் வேகம் பூஜ்யமாகிவிடும். தட்டைத் தொடுவதற்கு முந்தைய ஃபிரேமிலிருந்து கடைசி ஃபிரேமுக்குப் பேடா வெறும் 14 பிக்சல்தான் நகரும். யாரோ நூல் கட்டி இறக்கி வைப்பது போலத் தெரியும். விழும் பொருள் தரையைத் தொடும்போதுதான் உச்ச வேகத்தில் இருக்கும், இல்லையா?

கடைசிக் கீஃப்ரேமைத் தேர்ந்தெடுத்து Ctrl+Shift+K அழுத்துங்கள். Incoming Velocity பெட்டியில் 2500 கொடுங்கள். இது சராசரி வேகமான 1250-இன் இரு மடங்கு. Influence இரு முனையிலும் 33.33 ஆகவே இருக்கட்டும். இப்போது Speed Graph பூஜ்யத்திலிருந்து நேர்கோடாக ஏறும். முதல் ஃபிரேமில் 5 பிக்சல், கடைசி ஃபிரேமில் 95 பிக்சல் நகரும். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள்; தட்டை நெருங்க நெருங்க இடைவெளி அகல வேண்டும். குறுகினால் வளைவு தலைகீழாக இருக்கிறது என்று பொருள்.

விழுந்த பின் துள்ள விடாதீர்கள். பாகில் ஊறிய பேடா பந்து இல்லை. இரண்டு ஃபிரேமுக்கு அகலம் 108, உயரம் 92 என்று நசுக்கி, அடுத்த நான்கு ஃபிரேமில் 100-க்குத் திருப்புங்கள். அதற்கு முன் Anchor Point பேடாவின் அடியில் இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் இருந்தால் நசுங்கும்போது அடிப்பகுதி தட்டைவிட்டு எழும்பும்.

விலை எழுத்துக்கு இதற்கு நேர்மாறு. வேகமாக உள்ளே வந்து மெல்ல அடங்க வேண்டும். வந்து நிற்கும் கீஃப்ரேமில் Incoming Influence 80 அளவுக்கு வைத்தால், வாசிக்கும் கண்ணுக்கு முன் எழுத்து நிலைகொள்ளும்.

Easy Ease கூடாது என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஓரிடத்தில் நிற்கும் பெயர்ப்பலகை நகர்ந்து இன்னோர் இடத்தில் நிற்பதற்கு அதுவே பொருத்தம். எல்லாவற்றிற்கும் ஒரே வளைவு என்பதைத்தான் எதிர்க்கிறேன்.

இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஃப்ளெக்ஸ் பேனருக்குச் சதுர அடிக் கணக்குப் பேசுவது போல், வீடியோவுக்கு விநாடிக் கணக்குப் பேசுகிறார்கள். "பேடா விழுவது அரை விநாடிகூட இல்லையே, அதற்கு ஏன் ஒரு நாள் கூலி?" என்று இங்கே ஒரு கடைக்காரர் என்னிடம் கேட்டார். கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார். இன்னும் தரவில்லை. அந்த வீடியோ மட்டும் அவர் கடைத் திரையில் தினமும் ஓடுகிறது. முன்பணம் வாங்காமல் கணினியைத் திறக்காதீர்கள்.