கடைசி வரிசையில் நிற்பவரின் வாய்

அன்புள்ள அக்கா,

சிங்கப்பூரின் பிடோக் பகுதியில் எங்களுக்கு ஒரு சேர்ந்திசைக் குழு இருக்கிறது. மொத்தம் 24 பேர்: பெண்களில் மேல்குரல் சொப்ரானோ 10, கீழ்க்குரல் ஆல்டோ 6; ஆண்களில் மேல்குரல் டெனர் 4, அடிக்குரல் பாஸ் 4. ஏப்ரலில் தமிழ்மொழி விழாவுக்காகச் சமூக மன்ற அரங்கில் பாடுகிறோம். உயரப்படி நிறுத்தினால் ஆல்டோக்கள் சிதறி, சொப்ரானோவின் மெட்டையே பாடத் தொடங்கிவிடுகிறார்கள். குரல்படி நிறுத்தினால் குள்ளமானவர்கள் மறைந்துவிடுகிறார்கள். ஒத்திகையைப் பார்க்க வந்த ஓர் அம்மா "என் மகள் எங்கே நிற்கிறாள்?" என்று கேட்டுவிட்டார். எங்கள் டெனர் ஒருவரின் உயரம் 158 செ.மீ. சொப்ரானோ ஒருவர் 173 செ.மீ. குரலா, உயரமா, எதை முதலில் பார்ப்பது?

ஒரு வாசகி, பிடோக்

அன்புத் தங்கைக்கு,

குரலை முதலில் பாருங்கள். மேடையில் ஒருவர் இடப்பக்கமா, நடுவா, வலப்பக்கமா என்பதைக் குரல் முடிவு செய்யட்டும். அந்தக் குரல் கூட்டத்துக்குள் முன்னா பின்னா என்பதை மட்டும் உயரம் முடிவு செய்யட்டும். ஆனால் உங்கள் குழுவில் ஒருவர் மறைந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் உயரம் இல்லை. அவர் இன்னொருவருக்கு நேர் பின்னால் நிற்கிறார், அதுதான் காரணம். இதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

படிமேடையில் ஒரு படி 20 செ.மீ. உயரம், 45 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் கிடைப்பது ஏறக்குறைய இந்த அளவுதான். முன்வரிசை மேடைத் தரையிலும், நடுவரிசை முதல் படியிலும், பின்வரிசை இரண்டாம் படியிலும் நிற்கிறது. மேடை 90 செ.மீ. உயரம். முதல் வரிசை நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் கண், மேடைத் தளத்துக்குமேல் 30 செ.மீ. அளவில் இருக்கும். அவர் பாடகர்களிலிருந்து 4 மீட்டர் தள்ளி அமர்ந்திருக்கிறார். அங்கிருந்து அவர் எல்லாரையும் அண்ணாந்துதான் பார்க்கிறார்.

இப்போது 160 செ.மீ. உயரமுள்ள இருவரை ஒருவர்பின் ஒருவராக நிறுத்துங்கள். முன்னவரின் உச்சந்தலையைத் தொட்டுச் செல்லும் பார்வைக்கோடு, 45 செ.மீ. பின்னால் போவதற்குள் ஏறத்தாழ 15 செ.மீ. மேலேறிவிடுகிறது. அதாவது, பின்னவரிடம் 175 செ.மீ.க்குக் கீழே இருக்கும் எதுவும் தெரியாது. ஒருவரின் வாய் உச்சந்தலையிலிருந்து ஏறத்தாழ 18 செ.மீ. கீழே இருக்கிறது. படியையும் சேர்த்தால் பின்னவரின் வாய் 162 செ.மீ.இல் நிற்கிறது. 13 செ.மீ. குறைவு. அவருடைய நெற்றிதான் தெரியும். உயரத்தால் மட்டும் இதைச் சரிசெய்ய வேண்டுமானால் 160, 173, 188 என்று ஒவ்வொரு வரிசையிலும் ஆள் வளர்ந்துகொண்டே போக வேண்டும். எந்தக் குழுவில் அப்படி ஆட்கள் இருக்கிறார்கள்?

அதே கணக்கை அரங்கின் கடைசியில், 20 மீட்டர் தள்ளிப் போட்டுப் பாருங்கள். பார்வைக்கோடு 3 செ.மீ.தான் ஏறுகிறது. தேவை 163, வாய் இருப்பது 162. கிட்டத்தட்டச் சரியாகிவிட்டது! ஒத்திகையில் எல்லாரும் அரங்கின் கடைசிக்குப் போய் நின்று "நன்றாகத் தெரிகிறது" என்று தலையாட்டுவது இதனால்தான். நின்றுகொண்டு பார்ப்பதால் கண்மட்டம் வேறு கூடிவிடுகிறது. விழா நாளில் பெற்றோரும் சிறப்பு விருந்தினரும் அமர்வது முன்னால். ஆகவே முதல் வரிசை நடு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

தீர்வு, இரண்டு தலைகளுக்கு நடுவே ஒரு சன்னல் திறப்பது. ஒருவரின் நடுவிலிருந்து அடுத்தவரின் நடுவுக்கு 60 செ.மீ. விடுங்கள். தலையின் அகலம் 16 செ.மீ. என்று கொண்டால், இரு தலைகளுக்கும் நடுவே 44 செ.மீ. வெளி கிடைக்கிறது. பின்னால் இருப்பவரின் முகம் அதில் தாராளமாக அடங்கும். இதற்கு எளிய வழி, ஒவ்வொரு வரிசையிலும் ஓர் ஆளைக் கூட்டி நிறுத்துவது. உங்கள் 24 பேர் இதற்கென்றே அமைந்தவர்கள்போல் இருக்கிறார்கள்: முன்னால் 7, நடுவில் 8, பின்னால் 9. மூன்று வரிசைக்கும் மேடையின் நடுக்கோடு ஒன்றாக இருந்தால், நடுவரிசையில் ஓரத்து இருவரைத் தவிர ஒவ்வொருவரும் தாமாகவே இரண்டு தலைகளுக்கு நடுவில் வந்துவிடுவார்கள்.

இந்த இடங்களில் உங்கள் குரல்களை வைத்துப் பார்த்தேன். பார்வையாளரின் இடப்பக்கத்திலிருந்து சொல்கிறேன். முன்வரிசையில் சொப்ரானோ 4, ஆல்டோ 3. நடுவரிசையில் சொப்ரானோ 3, பாஸ் 2, டெனர் 2, ஆல்டோ 1. பின்வரிசையில் சொப்ரானோ 3, பாஸ் 2, டெனர் 2, ஆல்டோ 2. ஆறு ஆல்டோக்களும் வலப்பக்கத்தில் ஒரே கொத்தாக நிற்கிறார்கள். எட்டு ஆண்களும் நடுவில் இரண்டு வரிசையில் ஒரு கட்டாக நிற்கிறார்கள். பாஸை சொப்ரானோ பக்கம் வைத்திருக்கிறேன். அடிக்குரல் காதில் விழுந்துகொண்டே இருந்தால் மேல்குரல் சுருதியிலிருந்து நழுவுவது குறையும். டெனரையும் பாஸையும் மாற்றி வைக்கும் குழுக்களும் உண்டு. இரண்டையும் பாடிப் பார்த்துவிட்டு உங்கள் காது சொல்வதைக் கேளுங்கள்.

உங்கள் 158 செ.மீ. டெனர் நடுவரிசையில் பாஸை அடுத்து நிற்கட்டும். அவருக்கு முன்னால் இரண்டு ஆல்டோக்களின் தோள்கள் இருக்கும், நடுவில் சன்னல் இருக்கும். பின்வரிசையில் ஒரு டெனர் அவருக்கு இடப்புறமாகவும், இன்னொருவர் வலப்புறமாகவும் தலைகாட்டுவார்கள். அவரைக் குள்ளம் என்று யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

உயரம் உண்மையில் எங்கே தேவைப்படுகிறது என்றால், முதல் வரிசைக்கும் மூன்றாம் வரிசைக்கும் இடையில்தான். ஒன்றுவிட்ட வரிசைகள் மறுபடி நேர்கோட்டில் வந்துவிடுகின்றன. முன்னால் 160 செ.மீ. ஆள் நின்றால், 90 செ.மீ. பின்னால் இருக்கும் மூன்றாம் வரிசையில் 189 செ.மீ.க்குமேல் இருப்பதுதான் தெரியும். அங்கே இரண்டு படி ஏறி நிற்கும் 170 செ.மீ. ஆளின் வாய் 192இல் இருக்கிறது, தப்பித்தார். 165 செ.மீ. ஆளின் வாய் 187, தப்பவில்லை. ஆனால் முன்னால் 152 செ.மீ. பெண்ணை நிறுத்தினால் தேவை 179ஆக இறங்கிவிடுகிறது. அப்போது 160 செ.மீ. பெண்ணும் பின்னால் நின்று பாடலாம். அதனால் ஒவ்வொரு குரலிலும் மிகக் குள்ளமானவர்கள் முன்னால், நெடியவர்கள் பின்னால், மற்றவர்கள் நடுவில். உங்கள் 173 செ.மீ. சொப்ரானோ பின்வரிசைக்குப் போகட்டும். பின்வரிசையின் இரண்டு ஓரங்களுக்கும் முன்னால் யாரும் இல்லை என்பதையும் கவனியுங்கள். சுருதி பிசகாத ஒருவரைப் பின்னாலிருந்து தாங்கவைக்க விரும்பினால், அவர் குள்ளமாக இருந்தாலும் அந்த ஓரத்தில் நிறுத்தலாம்.

ஆல்டோக்கள் மெட்டுக்குத் தாவுவதை நானும் அனுபவித்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் பாடிய ஒரு குழுவில், புகைப்படம் அழகாக வர வேண்டும் என்று எங்களை உயரப்படி அடுக்கினார்கள். என் இரண்டு பக்கமும் சொப்ரானோ. என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் அடியில் அவர்களோடு சேர்ந்து மேலே போய்விட்டேன். மற்ற ஆல்டோக்களும் அப்படியே. கடைசிச் சொல்லை எல்லாரும் இழுத்து நிறுத்தியபோது நடுவில் இருக்க வேண்டிய சுரம் காணாமல் போயிருந்தது. அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அழுதேன்.

சேர்ந்து பாடுபவருக்கு இரண்டும் கேட்க வேண்டும், தன் குரலும் மற்றவர் குரலும். சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர் ஸ்டென் டெர்ன்ஸ்ட்ரோம் இந்த விகிதத்தை அளந்திருக்கிறார். பாடகர்கள் சராசரியாக விரும்பியது, தம் குரல் மற்றவர்களுடையதைவிட ஏறத்தாழ 6 டெசிபல் கூடுதலாகத் தம் காதில் விழுவதைத்தான். தோளோடு தோள் இடித்து நின்றால் மற்றவர்கள் குரல் ஓங்கி, இந்த விகிதம் கெடுகிறது. அப்போது எல்லாரும் கத்தத் தொடங்குகிறார்கள். நான் சொன்ன 60 செ.மீ. சன்னலுக்கு மட்டுமல்ல, இதற்கும் உதவுகிறது. இடமிருந்தால் 70 விடுங்கள்.

வாய் தெரிந்தால் சொல்லும் தெளிவாகக் கேட்கும். பாஸின் தாழ்ந்த ஒலி முன்னால் நிற்பவரைச் சுற்றி வளைந்து வந்துவிடும். சகர ஒலியும் வல்லின மெய்களின் வெடிப்பும் அப்படி வருவதில்லை. அவை நேர்க்கோட்டில் போகின்றன, முன்னால் இருப்பவரின் கூந்தலிலும் பட்டுப்புடவையிலும் அடங்கிவிடுகின்றன. ஒரு குரலின் மெட்டு கேட்டும் சொல் விளங்கவில்லை என்றால், அவர்களில் யாருக்குச் சன்னல் அடைபட்டிருக்கிறது என்று பாருங்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு குறை உண்டு. அரங்கின் பக்கவாட்டில், 30 பாகை சாய்வில் அமர்ந்திருப்பவருக்கு ஒவ்வொரு வரிசையும் தனக்கு முன்னுள்ள வரிசையிலிருந்து 26 செ.மீ. விலகித் தெரியும். சன்னலின் நடுவிலிருந்து முன்னால் நிற்பவரின் தலை இருப்பதோ 30 செ.மீ. தள்ளி. அதாவது அவருக்குச் சன்னல் ஏறக்குறைய மூடிவிடுகிறது. வரிசைகளை லேசாக வளைத்தால் குழுவை நடத்துபவரை எல்லாரும் பார்க்க முடியும், ஆனால் பக்க நாற்காலிகளின் சிக்கல் முழுவதும் தீராது. நடுவரிசையிலும் பின்வரிசையிலும் நிற்பவர்களின் குடும்பத்தாருக்கு நடு நாற்காலிகளைக் கொடுங்கள். முன்வரிசையில் நிற்பவர்களை எந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம்.

புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒத்திகை என்றால் படி இருக்காது. தரையில் 60 செ.மீ.க்கு ஒன்றாக ஒட்டுநாடா ஒட்டி, வரிசைக்கு வரிசை 30 செ.மீ. நகர்த்தி, ஒவ்வொருவரும் தன் இடத்தைக் காலால் பழகட்டும். மேடை ஏறும்போது தம் இருபுறமும் யார் என்பதை நினைவில் வைத்தால் போதும், எண் தேவையில்லை.

அரங்க ஒத்திகைக்குப் பெண்கள் விழாவன்று போடும் கொண்டையோடும் செருப்போடும் வரட்டும். உச்சிக்கொண்டை 5 செ.மீ. ஏறினால் மேலே போட்ட கணக்கெல்லாம் 5 செ.மீ.க்குமேலேயே தள்ளிப்போகும். முன்வரிசை ஏழு பேரும் கொண்டையைப் பிடரிக்கு இறக்கிப் போடட்டும், மல்லிகைச் சரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் சூடட்டும். அந்த அம்மாவை அழைத்துவந்து முதல் வரிசை நடு நாற்காலியில் உட்கார வையுங்கள். 24 பேரும் "ஆ" என்று வாய் திறந்து நிற்கட்டும். அவர் இடமிருந்து வலமாக வாய்களை எண்ணட்டும். எண்ணிக்கை 23 என்றால், காணாமல் போனவரை அரையடி நகர்த்திவிட்டு மறுபடி எண்ணச் சொல்லுங்கள்.