32-ஐ எங்கே கூட்டுவது, எங்கே கூட்டக்கூடாது?

வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கணக்கின் படம்தான். ஐந்து நாள் மதிய வெப்பநிலை 28, 30, 32, 34, 36 டிகிரி செல்சியஸ். சராசரியும் திட்ட விலக்கமும் காண்க. அளவுகளைப் பாரன்ஹீட்டுக்கு மாற்றினால் அவை என்ன ஆகும்?

சராசரி 32, திட்ட விலக்கம் 2.83 வந்தது. இரண்டையும் 1.8-ஆல் பெருக்கி 32 கூட்டினேன். 89.6, 37.1. விடைக்குறிப்பில் இரண்டாவது வேறாக இருக்கிறதே?
– பத்தாம் வகுப்பு மாணவி, கரூர்

விடைக்குறிப்பு சரி. சராசரி ஒரு வெப்பநிலை, அதனால் முழுச் சூத்திரமும் அதற்குப் பொருந்தும். திட்ட விலக்கம் வெப்பநிலை இல்லை, சராசரியிலிருந்து அளவுகள் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பது. 36-க்கு விலக்கம் 4. பாரன்ஹீட்டில் 96.8-லிருந்து 89.6-ஐக் கழித்தால் 7.2, அதாவது 4-ன் 1.8 மடங்கு. இரண்டு எண்ணிலும் இருந்த 32 கழித்தலில் போய்விட்டது. எல்லா விலக்கமும் இப்படித்தான், எனவே திட்ட விலக்கம் 2.83 × 1.8, சுமார் 5.1 டிகிரி பாரன்ஹீட்.

37 தவறு என்பதை விடைக்குறிப்பு இல்லாமலே கண்டுபிடிக்கலாம். பாரன்ஹீட்டில் குறைந்தது 82.4, அதிகம் 96.8, வீச்சு 14.4. திட்ட விலக்கம் வீச்சில் பாதியைத் தாண்டாது. 7.2-க்கு மேல் வந்தாலே பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். விடையோடு அலகையும் எழுதுங்கள்.

பாரன்ஹீட்டிலிருந்து செல்சியஸுக்கு மாற்றும்போது திட்ட விலக்கம் குறை எண்ணாக வருகிறது. சராசரி 68, திட்ட விலக்கம் 9.

குறை எண்ணில் திட்ட விலக்கம் கிடையாது. 9-லிருந்து 32-ஐக் கழித்திருக்கிறீர்கள். மேலே உள்ள பதிலைப் படியுங்கள். சராசரி 20, திட்ட விலக்கம் 9-ஐ 1.8-ஆல் வகுத்து 5.

படம் அனுப்பியிருக்கிறேன், விடை சொல்லவும்.

படத்தில் கடைசி வரி வெட்டுப்பட்டிருக்கிறது. கேட்டது திட்ட விலக்கமா, விலக்க வர்க்கச் சராசரியா என்று அந்த வரியில்தான் இருக்கும். முதலாவதென்றால் 1.8-ஆல் பெருக்க வேண்டும். இரண்டாவதென்றால் 1.8-ன் வர்க்கம், 3.24-ஆல். இதே கணக்கில் 8 என்பது சுமார் 26 ஆகும். அனுப்புமுன் படத்தை ஒரு முறை பாருங்கள்.

என் கணிப்பானில் 2.83-க்குப் பதில் 3.16 வருகிறது.

அது 5-க்குப் பதில் 4-ஆல் வகுக்கிறது. பள்ளிக் கணக்குக்கு 5-ஆல் வகுக்கும் பொத்தானைப் பயன்படுத்துங்கள். எப்படி வகுத்தாலும் அலகு மாற்றும் விதி மாறாது.

ஓர் ஊரின் வெப்பநிலை செல்சியஸில், இன்னொன்று பாரன்ஹீட்டில். மாறுபாட்டுக் கெழுவுக்குத்தான் அலகே இல்லையே, நேரடியாக ஒப்பிடலாம் அல்லவா?
– ஆசிரியர், தேனி

கூடாது. ஆசிரியர்களே இப்படிக் கேட்பதுதான் எனக்கு வருத்தம். எத்தனை பயிற்சித் தாள்களில் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டேன்!

நம் ஐந்து அளவுகளையே எடுங்கள். செல்சியஸில் கெழு 2.83-ஐ 32-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9 சதவீதம். பாரன்ஹீட்டில் 5.1-ஐ 89.6-ஆல் வகுத்தால் 6 சதவீதத்துக்குக் கீழே. கெல்வினில் சராசரி சுமார் 305, கெழு 1 சதவீதம்கூட இல்லை. அதே ஊர், அதே ஐந்து நாள். முதல் அட்டவணைக்கு 'ஊர் அ', இரண்டாவதற்கு 'ஊர் ஆ' என்று பெயர் வைத்தால், 'ஆ'வில்தான் வெப்பம் சீராக இருக்கிறது என்று மாணவன் எழுதுவான், முழு மதிப்பெண்ணும் வாங்குவான்.

பெருக்கல் மட்டும் இருந்தால் மேலும் கீழும் ஒரே எண் வந்து அடிபட்டுவிடும். சென்டிமீட்டரை மீட்டராக்கினாலும் கிராமைக் கிலோவாக்கினாலும் கெழு மாறாதது அதனால்தான். 32 கூட்டும்போது சராசரி ஏறுகிறது, திட்ட விலக்கம் அசையாமல் நிற்கிறது. செல்சியஸின் பூஜ்யம் தண்ணீர் உறையும் இடம், வெப்பமே இல்லாத இடம் அல்ல. குளிர்நாட்டில் ஒரு மாதச் சராசரி 0 டிகிரி என்றால் எதால் வகுப்பீர்கள்?

இரண்டு ஊரும் செல்சியஸிலேயே இருந்தாலும் இந்தக் குறை போகாது. சராசரி குறைவான ஊர், சராசரி குறைவு என்பதற்காகவே நிலையில்லாததாகத் தெரியும். ஒரே அலகுக்கு மாற்றித் திட்ட விலக்கங்களையே ஒப்பிடுங்கள். தேர்வில் கெழுதான் வேண்டும் என்று கேட்டால் கண்டுபிடித்து எழுதுங்கள், பக்கத்தில் எந்த அலகில் என்றும் குறிப்பிடுங்கள். வகுப்பில் உதாரணம் நீங்களே எழுதும்போது உயரம், எடை, கூலி என்று எடுங்கள். அவற்றில் பூஜ்யம் உண்மையான பூஜ்யம்.

செல்சியஸைக் கெல்வினாக்கினால்?

சராசரியோடு 273.15 கூட்டுங்கள். திட்ட விலக்கம் அதே 2.83, அலகு மட்டும் கெல்வின்.