கிறிஸ் மாம் குலுக்கல்: சீட்டு வேண்டாம், சங்கிலி போடுங்கள்

கேள்வி: அலுவலகத்தில் கிறிஸ்துமஸுக்கு யார் யாருக்குப் பரிசு கொடுப்பது என்று பெயர் எடுக்கும் கிறிஸ் மாம் – கிறிஸ் சைல்ட் குலுக்கலில் யாருக்கும் அவரவர் பெயரே வராமல் இருக்க என்ன வழி? ஒருமுறை குலுக்கிய பிறகு ஜோடி மாறவும் கூடாது.

குலுக்கலை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. சீட்டு எழுதும் வேலையே வேண்டாம். ஐந்து பேரோ ஐம்பது பேரோ, பத்துக் குலுக்கலில் ஆறிலாவது யாரோ ஒருவருக்குத் தன் பெயரே வந்துவிடும். அவர் மட்டும் மறுபடி எடுத்தால் போதாதா என்பீர்கள். கடைசி ஆளுக்கு அப்படி வந்தால் மாற்றி எடுக்க டப்பாவில் சீட்டு ஏது?

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் கூகுள் ஷீட்ஸில் செய்கிறேன் என்று முன்வந்தார். A-யில் பெயர்கள், B-யில் `RAND()`, C-யில் இது:

```
=SORT(A2:A12,B2:B12,TRUE)
```

யாருக்கும் தன் பெயர் வராத வரிசை கிடைக்கும்வரை மாற்றி மாற்றிப் பார்த்து நிறுத்தினார். பிறகு ஒவ்வொருவரையும் அழைத்துப் பெயரைச் சொல்லி, பக்கத்துக் கட்டத்தில் 'சொல்லியாயிற்று' என்று தட்டினார். அங்கேதான் வினை. ஷீட்டில் எதைத் தட்டினாலும் `RAND()` புது எண் போடும்; ஜோடிகள் மொத்தமும் கலையும். விழா அன்று காசாளர் அக்காவுக்கு இரண்டு பரிசு, எனக்குக் கைதட்டல் மட்டும்.

பெயர்களைத் தேர்ந்தெடுத்து Data மெனுவில் Randomize range கொடுங்கள். ஒரே முறை கலைத்துவிட்டு நின்றுவிடும். பிறகு ஒவ்வொருவரும் தனக்குக் கீழே இருப்பவருக்குக் கொடுக்கட்டும், கடைசி ஆள் முதல் ஆளுக்கு. இதுதான் சங்கிலி. தன் பெயர் தனக்கு வர வழியே இல்லை. பட்டியலைத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஷீட்டை யாராவது அகர வரிசைப்படுத்தினாலும் கவலையில்லை.

இடையில் ஒருவர் வேலையை விட்டுப் போனால்? அவருக்குக் கொடுக்க இருந்தவர், அவர் கொடுக்க இருந்தவருக்குக் கொடுத்துவிடட்டும். புதியவர் வந்தால் ஏதாவது இருவருக்கு நடுவே நுழைத்துவிடலாம். இரண்டிலும் பழைய ஆட்களில் ஒருவருக்கு மட்டுமே பெயர் மாறும், மற்றவர்கள் வாங்கிவைத்தது அப்படியே செல்லும்.

கணக்குத் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். நான்கு பேருக்குத் தன் பெயர் வராத ஜோடி ஒன்பது வகை, சங்கிலியில் ஆறுதானே கிடைக்கிறது என்பார்கள். உண்மைதான். விடுபடும் மூன்றும் இருவர் இருவராகத் தங்களுக்குள்ளேயே மாற்றிக்கொள்ளும் வகை. அதற்குக் குலுக்கல் எதற்கு, நேரடியாகவே கொடுத்துக்கொள்ளலாமே!

எந்தக் குலுக்கலாலும் தீராத ஒன்று உண்டு. எங்கள் மேலாளர் இருநூறு ரூபாய் வரம்பு வைத்துவிட்டு, தனக்குப் போன வருடம் வந்த போட்டோ பிரேமை இந்த வருடம் வேறொருவருக்குக் கொடுத்தார். வாங்கிக் கொடுத்தவன் நான்; பின்பக்கம் விலைச் சீட்டை நான் சுரண்டிய தடம்கூட அப்படியே இருந்தது.